கைதட்டினால் எரியும் விளக்கு: 14 மாதப் பயன்பாடும், ஓசையே இல்லாமல் அது எரிந்த இரவுகளும்

நாங்கள் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், டவுனிலிருந்து தோட்டத்துப் பக்கம் போகும் சாலையோரம். பாட்டியின் அறையில் சுவிட்சு கதவுக்குப் பக்கத்திலும் கட்டில் எதிர்ச்சுவர் ஓரத்திலும் இருக்கின்றன. இரவில் எழுந்தால் இருட்டில் நாலு எட்டு நடந்துதான் விளக்கைப் போட வேண்டும். இரண்டு முறை தடுமாறி விழப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்தபடி இரண்டு முறை கைதட்டினால் விளக்கு எரிய வேண்டும் என்று நான் செய்ய ஆரம்பித்தது அதனால்தான். 14 மாதம் ஓடிவிட்டது. முதல் மூன்று மாதம் பட்ட பாட்டைத்தான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் இதைச் செய்பவர்களில் பலர் அந்த இடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

முதலில் வாங்கியது KY-037 என்ற மைக் பலகை. சில வெள்ளிதான் விலை. ஒரு சின்ன மைக், LM393 என்ற சிப், எவ்வளவு சத்தத்துக்கு எரிய வேண்டும் என்ற எல்லையைக் கூட்டிக் குறைக்க ஒரு நீலத் திருகு. அதோடு புரோகிராமை ஓட்ட ஆர்டுயினோ நானோ என்ற சின்னப் பலகை, அது சொன்னபடி விளக்கைப் போட்டு அணைக்க 5 வோல்ட் ரிலே, பழைய போன் சார்ஜர். 240 வோல்ட் பக்கத்தை நான் தொடவில்லை. தெரிந்த வயர்மேன் ஒருவர் வந்து ரிலேயை மூடிய பெட்டிக்குள் வைத்து இணைத்துக் கொடுத்தார்.

பகலில் நன்றாக வேலை செய்தது. இரவில்தான் கூத்து. நடுநிசிக்கு மேல் விளக்கு தானாக எரியும். "யாருடா லைட்டப் போட்டது?" என்று பாட்டி குரல் கொடுப்பார். அறையில் வேறு ஒருவரும் இருக்க மாட்டார்கள். சில சமயம் அவர் கைதட்டினால் எரிந்து, அரை வினாடியில் தானே அணைந்துவிடும். மைக்தான் கூர்மையாகக் கேட்கிறது என்று நினைத்துத் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் திருப்பினால் எதற்கும் எரியாது, மறுபக்கம் கொஞ்சம் திருப்பினால் சும்மாவே எரியும். நடுவில் தலைமுடி அளவு இடம் மட்டுமே இருந்தது. அந்த இடமும் பகலில் ஒன்று, இரவில் வேறொன்று. தகரக் கூரை காய்ந்து அறை வெந்துகொண்டிருக்கும் நேரத்தில் சரிசெய்து வைத்தது விடியற்காலைக் குளிரில் நகர்ந்து போயிருக்கும்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டில் அருகில் வைத்தேன். விளக்கு தானாக எரிந்த நேரத்தையும் அப்போது வீட்டில் என்ன நடந்தது என்பதையும் குறித்தோம். பத்து நாளில் ஒரு விஷயம் தெரிந்தது. பாதிக்கு மேல், அடுக்களையில் பிரிட்ஜ் மோட்டார் ஓட ஆரம்பிக்கும் அதே கணத்தில் நடந்திருக்கிறது. பிரிட்ஜ் சத்தம் பாட்டி அறை வரைக்கும் கேட்கவே கேட்காது.

சத்தமா, மின்சாரமா என்று பிரித்துப் பார்க்க இரண்டு சோதனை செய்தேன். முதலில் மைக் பலகையைப் பஞ்சு சுற்றி பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினேன். பக்கத்தில் நின்று ஓங்கித் தட்டினாலும் எரியவில்லை. ஆனால் பிரிட்ஜ் கிளம்பியபோது எரிந்தது! அடுத்து சார்ஜரைக் கழற்றிவிட்டு, ரீசார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரி நான்கைப் போட்டு ஓட்டினேன். பவர் பேங்க் இதற்கு ஆகாது, எடுக்கும் மின்னோட்டம் குறைவு என்பதால் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். பேட்டரியில் ஓடிய இரண்டு இரவும் பிரிட்ஜ் அதன் போக்கில் கிளம்பியது, நின்றது, விளக்கு அசையவில்லை. ஆக, பிரிட்ஜ் மோட்டார் கிளம்பும்போது மின்சாரத்தில் வரும் ஆட்டம் கம்பி வழியாக, மலிவான சார்ஜரைத் தாண்டி, மைக் பலகைக்கு வந்திருக்கிறது. உங்கள் விளக்கும் தானாக எரிந்தால் திருகைத் தொடுவதற்கு முன் இந்த இரண்டையும் செய்து பாருங்கள்.

மின்சாரம் ஏன் சத்தம் போலத் தெரிகிறது? அந்தப் பலகையில் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிபயர் இல்லை. மைக்கில் நிற்கும் வோல்டேஜையும் திருகு தரும் வோல்டேஜையும் LM393 ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். என் பலகையில் மல்டிமீட்டர் வைத்து அளந்தேன். பலகைக்கு வரும் மின்சாரம் 4.70 வோல்ட். சத்தமில்லாதபோது மைக் முனையில் 2.40, திருகு முனையில் 2.36. கைதட்டினால் மைக் முனை ஒரு கணம் 2.36க்குக் கீழே இறங்கும், உடனே "சத்தம்" என்று சிப் சொல்லும். இரண்டுக்கும் நடுவே இருப்பது 0.04 வோல்ட். பெருக்கல் இல்லாத மைக்கின் அசைவு அத்தனை சிறியது என்பதால் இதைவிட அகலமாக வைக்க முடியாது.

இப்போது ரிலே இழுக்கிறது. அதன் சுருள் எடுப்பது ஏறக்குறைய 70 மில்லி ஆம்பியர். மெல்லிய கம்பி வழியாக அது போகும்போது பலகையின் மின்சாரம் 4.70லிருந்து 4.56க்கு இறங்கியது. திருகு முனை அந்த விகிதத்தில் மட்டும் இறங்கும், அதாவது 2.29க்கு. மைக் முனை அப்படி இறங்குவதில்லை. மைக்கின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் மின்சாரம் கூடினாலும் குறைந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் இழுக்கும், அதனால் குறைந்த 0.14 வோல்ட்டும் கிட்டத்தட்ட முழுசாக மைக் முனையில் விழுந்து அது 2.26 ஆகிவிடும். மைக் முனை திருகு முனைக்குக் கீழே போய்விட்டது. ஒருவரும் மூச்சு விடாமல் இருந்தாலும் சிப்புக்கு அது சத்தம். எரிந்த விளக்கு அரை வினாடியில் அணைந்ததற்கு இதுதான் காரணம். ரிலேயின் "டக்" சத்தமும் இதோடு சேரும். மைக்கும் ரிலேயும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அந்த டக் மைக்குக்கு ஒரு கைத்தட்டல்தான்.

இன்னொன்றும் உண்டு. ஒரு கைத்தட்டலில் மைக் முனை பலமுறை மேலும் கீழும் ஆடும், ஒவ்வொரு ஆட்டத்திலும் சிப் "உண்டு, இல்லை" என்று மாறி மாறிச் சொல்லும். அந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் விளக்கை மாற்றும் புரோகிராம் எழுதினால், முடிவில் எரிவதா அணைவதா என்பது எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதைப் பொறுத்தது. நான் முதலில் எழுதியது அப்படித்தான்.

நான்காம் மாதம் பலகையை மாற்றினேன். MAX4466 பலகையில் ஆம்ப்ளிபயர் இருக்கிறது, 25 மடங்கிலிருந்து 125 மடங்கு வரை பின்பக்கத் திருகில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு நானோவின் 3.3 வோல்ட் முனையிலிருந்து மின்சாரம் கொடுத்தேன். ரிலே இழுக்கும்போது 5 வோல்ட் ஆடினாலும் அந்த முனை அவ்வளவாக ஆடுவதில்லை. ரிலேக்குச் சார்ஜர் முனையிலிருந்தே தனிக் கம்பி இழுத்து, ரிலே பக்கத்தில் 470 மைக்ரோ பேரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தேன். மைக்கை ரிலே பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலின் தலைமாட்டுக்குக் கொண்டுபோனேன். அன்றிலிருந்து பிரிட்ஜ் கிளம்பி விளக்கு எரிந்ததாக நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

MAX9814 இதைவிட நல்லது என்று ஒரு நண்பர் சொன்னதால் அதையும் வாங்கிப் பார்த்தேன். பேச்சைப் பதிவு செய்ய அது நல்ல பலகை. ஆனால் சத்தம் குறையக் குறைய அதுவே பெருக்கத்தைக் கூட்டிக்கொள்ளும். நடுநிசி அமைதியில் பல்லி "சிக் சிக்" என்று கத்தினால் கைத்தட்டலுக்குச் சமமாக வந்து நிற்கிறது. இந்த வேலைக்கு வேண்டாம்.

மின்சாரக் கோளாறு தீர்ந்த பிறகு மீதி இருந்தது உண்மையான சத்தங்கள். இப்போது 20 மில்லி வினாடிக்கு ஒருமுறை, அந்த இடைவெளியில் வந்த மிக உயர்ந்த அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்கிறேன்:

```
int swing() {
  unsigned long t = millis();
  int lo = 1023, hi = 0;
  while (millis() - t < 20) {
    int v = analogRead(A0);
    if (v < lo) lo = v;
    if (v > hi) hi = v;
  }
  return hi - lo;
}
```

அமைதியான அறையில் எனக்கு இது 15, 20 என்று வரும். மூன்று மீட்டர் தள்ளி நின்று தட்டினால் 400ஐ ஒட்டி வருகிற மாதிரி திருகை வைத்திருக்கிறேன். இதன் மெதுவான சராசரியைப் புரோகிராம் bg என்ற float எண்ணில் வைத்துக்கொள்ளும், s என்பது swing() தந்த எண்:

```
bg += (s - bg) / 128.0;
```

சராசரியைப் போல நான்கு மடங்குக்கு மேல் எகிறினால்தான் சத்தம். அந்தச் சத்தம் 120 மில்லி வினாடிக்குள் அடங்க வேண்டும். இரண்டாவது தட்டல் கால் வினாடிக்குப் பிறகு, 0.7 வினாடிக்குள் வர வேண்டும். அதன்பின் முக்கால் வினாடி அமைதி வேண்டும், மூன்றாவது சத்தம் வந்தால் எல்லாமே ரத்து. விளக்கு மாறிய அரை வினாடிக்கு எதையும் கேட்பதில்லை.

இதில் அதிகம் காப்பாற்றியது அடங்கும் நேரம்தான். இடி பெரிய சத்தம், ஆனால் உருண்டு உருண்டு நீள்வதால் கழிந்துவிடும். பாட்டிக்கு இருமல் இரண்டிரண்டாகத்தான் வரும், எனக்கு இருந்த பெரிய பயம் அது. இருமல் ஒவ்வொன்றும் கைத்தட்டலைவிட நீளம் என்பதால் பெரும்பாலும் சிக்குவதில்லை. பல்லியும் நாயும் இரண்டோடு நிறுத்தாமல் கத்துவதால் மூன்றாவது சத்தம் அவற்றைத் தள்ளிவிடுகிறது. கோயில் திருவிழாவின்போது உருமி மேளம் எங்கள் சாலையில் போனது. ஒரு மணி நேரம் அடித்தும் விளக்கு எரியவில்லை.

முடியாததையும் சொல்ல வேண்டும். தகரக் கூரையில் கனமழை கொட்டும்போது சராசரி 150க்கு மேல் ஏறிவிடும். அதன் நான்கு மடங்கு 600. 3.3 வோல்ட்டில் ஓடும் மைக் பலகை கொடுக்கக்கூடிய உச்சமே 675தான், அதனால் எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் அநேகமாக எரியாது. தானாக எரிவதில்லை, ஆனால் பாட்டிக்குத் தேவைப்படும்போதும் எரிவதில்லை. தீபாவளி இரவில் பட்டாசு இரண்டு இரண்டாக வெடித்தபோது நாலைந்து முறை எரிந்தது. பட்டாசுக்கும் கைத்தட்டலுக்கும் இந்தக் கணக்கில் வித்தியாசம் தெரியாது, அன்றைக்குக் கழற்றி வைப்பதைத் தவிர வழியில்லை.

பதினோராம் மாதத்திலிருந்து பாட்டியின் கைத்தட்டலில் பலம் குறைந்துவிட்டது. மூட்டு வலி. தட்டினால் 60, 70தான் வருகிறது. எல்லையைக் குறைத்தால் பழையபடி எல்லாமே உள்ளே வந்துவிடும் என்பதால் மைக்கையே விட்டுவிட்டேன். 27 மில்லிமீட்டர் பீசோ வில்லை ஒன்றைக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் ஒட்டி, குறுக்கே ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டு, நானோவின் அதே முனைக்குக் கம்பி கொடுத்தேன். அது காற்றில் வரும் சத்தத்தை அநேகமாகக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வைத்தான் கேட்கிறது. புரோகிராமின் கணக்கு அதேதான், எண்களை மட்டும் புதிதாக அளந்து போட்டேன். பாட்டி விரல் மடக்கி இரண்டு முறை மரத்தில் தட்டுகிறார், மழையிலும் எரிகிறது. கட்டிலில் பேரப்பிள்ளைகள் ஏறிக் குதித்தால் மட்டும் எரியும், அதைப் பாட்டி பொருட்படுத்துவதில்லை.

MAX4466 பலகை இப்போது என் மேசை விளக்கில் இருக்கிறது. அங்கே கைதட்டல் போதும்.