ஒரே கடை, ஒரு விதை மூட்டை, இரண்டு மருந்து பாட்டில்: படத்தில் தெரிந்ததும் தெரியாததும்

டெல்டாவில் சம்பா போட்ட ஒரு விவசாயி ஒரே கடையில் இரண்டு முறை ஏமாந்திருக்கிறார். ஆடியில் ஒரு மூட்டை சி.ஆர். 1009 சப் 1 விதைநெல், ஐப்பசியில் தண்டுத் துளைப்பானுக்கு இரண்டு பாட்டில் மருந்து. இரண்டுக்கும் பில் கிடையாது, ‘எஸ்டிமேட்’ என்று எழுதிய துண்டுச் சீட்டுதான். பயிர் கெட்டபிறகு படம் எடுத்து அனுப்பினார். அந்தப் படங்களில் என்ன தெரிந்தது, எது தெரியவே தெரியாது என்பதை இங்கே எழுதுகிறோம். கடையின் பெயர் இங்கே வேண்டாம், புகார் போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது.

மருந்திலிருந்து தொடங்குவோம். குளோரான்ட்ரனிலிபுரோல் 18.5 எஸ்.சி., 60 மில்லி பாட்டில், நெல்லுக்கு ஏக்கருக்கு ஒன்று. இந்த மருந்தின் காப்புரிமை 2022-ல் முடிந்துவிட்டது. இப்போது பல கம்பெனிகள் முறையாகப் பதிவு செய்து விற்கின்றன, அதனால் “புதுப் பெயர், விலை குறைவு, ஆகவே போலி” என்று முடிவுகட்ட முடியாது. இவர் வாங்கியது தெரிந்த பிராண்டின் பெயரிலேயே, அச்சிட்ட விலையைவிட நன்றாகக் குறைத்து. சந்தேகம் அங்கேயே வந்திருக்க வேண்டும்.

லேபிளை மேலோட்டமாகப் பார்த்தால் குறையே இல்லை. நச்சு அளவைக் காட்டும் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி பச்சை, இந்த மருந்துக்கு அதுதான் சரி. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சுத்தன்மை இறங்கிக்கொண்டே வரும். பதிவு எண் CIR என்று தொடங்கி, மருந்தின் பெயரோடு ஒத்துப்போகிறது. இதைப் பார்த்து நிம்மதி அடைவதில் பொருளில்லை. போலி அடிப்பவன் உண்மையான லேபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடிக்கிறான், பதிவு எண்ணையும் சேர்த்தே நகல் எடுப்பான். தமிழ் எழுத்துப் பிழையையும் பெரிதாக நம்பாதீர்கள். அசல் கம்பெனி துண்டுப் பிரசுரங்களிலேயே தமிழ் படும்பாடு நமக்குத் தெரியும்.

நகல் எடுக்க முடியாத இடம் பேட்ச் பெட்டி, அதாவது லேபிளில் பேட்ச் எண்ணுக்கும் தேதிக்கும் விட்டிருக்கும் கட்டம். லேபிள் அச்சகத்தில் மொத்தமாக அடிக்கப்படுகிறது. பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி, விலை எல்லாம் பிறகு மருந்து நிரப்பும் லைனில், ஓடுகிற பாட்டில்மேல் இங்க்ஜெட்டோ லேசரோ அடிப்பவை. ஓட்டத்தில் அடிப்பதால் ஒரு பாட்டிலில் எழுத்து சற்று மேலே ஏறியிருக்கும், அடுத்ததில் சாய்ந்திருக்கும், இன்னொன்றில் பெட்டிக் கோட்டைத் தாண்டி நிற்கும். பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து தனித்தனிப் புள்ளிகளால் ஆனது என்று தெரியும். இவருடைய இரண்டு பாட்டில்களின் படத்தையும் பக்கம்பக்கமாக வைத்தபோது, இரண்டிலும் பேட்ச் எண்ணின் முதல் எழுத்து இடதுபக்கக் கோட்டை ஒரே இடத்தில், ஒரே அளவுக்குத் தொட்டுக்கொண்டிருந்தது. நான்கு வரியும் மயிரிழை பிசகாமல் ஒன்றே. எழுத்தின் கருப்பும், மேலே உள்ள பயன்பாட்டு விவரத்தின் கருப்பும் ஒரே மையாக இருந்தன. அதாவது லேபிளோடு சேர்த்தே அச்சகத்தில் பேட்ச் எண்ணையும் அடித்திருக்கிறார்கள்.

இது மட்டும் போதுமா என்றால், போதாது. சிறிய கம்பெனிகளில் சில, ஒவ்வொரு பேட்சுக்கும் தனியாக லேபிள் அடிப்பதுண்டு. அதனால் அடுத்து வெளி அட்டைப்பெட்டியைக் கேட்டோம். நல்லவேளை, தூக்கிப் போடவில்லை. பெட்டியில் இருந்த பேட்ச் எண்ணுக்கும் பாட்டிலில் இருந்ததற்கும் கடைசி இரண்டு இலக்கம் வேறு. தயாரித்த மாதமும் வேறு. ஒரே பொருளின் இரண்டு உறையில் இரண்டு பிறந்தநாள் இருக்க வழியே இல்லை.

காலாவதித் தேதியை மாற்றும் ஏமாற்று இன்னொரு ரகம். பழைய சரக்கின் தேதியைத் தின்னரால் துடைத்துவிட்டுப் புதிதாக அடிப்பார்கள். துடைத்த இடத்தில் லேபிளின் பளபளப்பு போய் மங்கலாக இருக்கும். நேராகப் பிடித்த படத்தில் அது தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கையாக அடித்து எடுத்தால் மங்கலும், சில நேரம் பழைய எண்ணின் நிழலும் தெரியும்.

இனி சீல். மூடியின் அடியில் ஒரு வளையம் இருக்கும், சின்னச்சின்ன இணைப்புகளால் மூடியோடு ஒட்டியிருக்கும். முதல்முறை திருகும்போது அந்த இணைப்புகள் அறுந்து வளையம் கழுத்திலேயே தங்கிவிடும். கடையில் வாங்கும்போதே வளையம் தனியாகச் சுற்றினால் அந்த பாட்டில் ஏற்கெனவே திறக்கப்பட்டது. மூடிக்குக் கீழே வாயில் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். கம்பெனியில் அது வாய் முழுக்க ஒரே சீராக ஒட்டும், வட்டத்தில் ஒரே ஒரு பதிவுதான் இருக்கும். கையால் சூடுவைத்து ஒட்டினால் தாள் சுருங்கும், ஓரம் பழுப்பேறும், வாயின் விளிம்பில் பழைய தாளின் துணுக்கு மிஞ்சும். இவர் தாளைக் கிழித்துத் தெளித்தபிறகுதான் படம் எடுத்தார், ஆனாலும் வாயின் விளிம்பில் இரண்டு அடுக்காகத் தாள் மிச்சம் இருந்தது தெரிந்தது.

எல்லாவற்றையும் முடித்துவைத்தது பாட்டிலின் அடியில் மிஞ்சியிருந்த மருந்து. கையுறை போட்டு, சமையலுக்குப் பயன்படாத கண்ணாடிக் குப்பியில் ஊற்றிப் படம் எடுக்கச் சொன்னோம். எஸ்.சி. என்பது நுண்துகள் மிதக்கும் திரவம், வெள்ளையும் அல்லாத மங்கிய பாலைப்போல் ஒளிபுகாமல் இருக்கும். படத்தில் இருந்ததோ எண்ணெய்போல் தெளிந்த மஞ்சள் திரவம், பின்னால் இருந்த கட்டம்போட்ட லுங்கி அதன் வழியாகத் தெரிந்தது. அது ஏதோ ஒரு ஈ.சி., அதாவது கரைப்பானில் கரைத்த மருந்து. தண்ணீரில் விட்டதும் ஈ.சி.யும் பாலாகத்தான் மாறும், அதனால் டேங்கில் கலக்கும்போது வித்தியாசம் தெரியாது. ஊற்றுவதற்கு முன் பார்த்தால்தான் உண்டு. மோந்து பார்க்கிற வேலை வேண்டாம்.

கியூஆர் குறியீடு பற்றியும் கேட்டார். ஸ்கேன் செய்ததும் கம்பெனியின் வலைத்தளம் திறந்ததாம். அதில் ஒன்றும் இல்லை. குறியீட்டையும் நகல் எடுக்கலாம், நகலும் அதே தளத்தைத்தான் திறக்கும். ஸ்கேன் செய்தால் உங்கள் கையிலிருக்கும் பாட்டிலின் பேட்ச் எண் திரையில் வரவேண்டும், அது பாட்டிலோடு பொருந்த வேண்டும். முகப்புப் பக்கம் மட்டும் வந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

விதை மூட்டைக்கு வருவோம். சான்று விதை மூட்டையின் வாயில் நீல நிறச் சான்றட்டையும், உற்பத்தியாளரின் பச்சை நிற விவர அட்டையும் சேர்த்துத் தைத்திருக்கும். பச்சை மட்டும் இருந்தால் அது உற்பத்தியாளரே தரத்துக்குப் பொறுப்பேற்று விற்கும் உண்மைநிலை விதை, சான்று விதை அல்ல. இவர் மூட்டையில் இரண்டும் இருந்தன. ஆனால் நீல அட்டையின் மேல்விளிம்பில் தையல் துளை இரண்டு வரிசை. ஒரு வரிசையில் நூல் ஓடுகிறது, அதற்கு அரை விரல் கீழே இன்னொரு வரிசை வெறும் துளையாக நிற்கிறது. வேறொரு மூட்டையிலிருந்து பிரித்தெடுத்து இங்கே மறுபடி தைத்த அட்டை அது.

குவியல் எண்ணை, அதாவது லாட் நம்பரைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. சான்று விதையின் குவியல் எண் நான்கு பகுதி கொண்டது: அறுவடை முடிந்த மாதமும் ஆண்டும், மாநிலக் குறியீடு, சுத்திகரிப்பு நிலையத்தின் எண், கடைசியில் குவியலின் வரிசை எண். பச்சை அட்டையில் FEB24 என்று தொடங்கியது, நீல அட்டையில் FEB23. போன வருடத்து அட்டை. காலாவதி இருந்த வரியின்மேல் சரியாகக் கடை முத்திரை விழுந்திருந்தது, தற்செயல் என்றால் நம்பலாம்! பரிசோதனை செய்த தேதியிலிருந்து ஒன்பது மாதம்தான் முதல் கெடு. பிறகு மறுபரிசோதனை செய்தால் ஆறு மாதம் நீட்டிக்கலாம். முத்திரை மறைத்தாலும் பரிசோதனைத் தேதி தெரிந்தால் விரலை மடக்கி எண்ணிவிடலாம்.

அந்த நெல் பாதிதான் முளைத்தது. வளர்ந்த பயிரிலும் உயரம் ஒன்றாக இல்லை, இடையிடையே சில தூர்கள் மற்றவற்றுக்கு முன்பே கதிர் தள்ளின. சாப்பாட்டு நெல்லை மூட்டை கட்டியிருக்கிறார்கள் என்பதே எங்கள் கணிப்பு. நெல்லுக்கு முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம் இருக்கவேண்டும். விதைப்பதற்கு முன் நூறு நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் சுற்றிவைத்து ஒரு வாரத்தில் பார்த்திருந்தால் முளைப்புக் குறை தெரிந்திருக்கும். கலப்பு மட்டும் வயலில்தான் தெரியும், எந்தப் படத்திலும் தெரியாது.

படத்தில் தெரியாதது இன்னொன்றும் உண்டு, அதுதான் பெரிது. அசல் பாட்டில், அசல் லேபிள், அசல் பேட்ச் எண், உள்ளே மட்டும் வேறு மருந்து. காலி பாட்டிலைப் பழைய சாமான்காரரிடம் வாங்கி நிரப்பும் வேலை இது. இதில் லேபிளை எத்தனை முறை பெரிதாக்கினாலும் பயனில்லை, சீலும் திரவத்தின் நிறமும்தான் துப்பு. படத்தை வைத்துப் போலி என்று சொல்ல முடியும், அசல் என்று யாராலும் சான்று தர முடியாது. அப்படித் தருகிறவர் பேச்சைக் கேட்டு டேங்கில் ஊற்றாதீர்கள்.

படம் எடுப்பதானால் திறப்பதற்கு முன் எடுங்கள். வெயில் நேரடியாகப் படாத பகல் வெளிச்சம் போதும், ஃபில்டரும் ஸ்கேனர் செயலியும் வேண்டாம், அவை நிறத்தையும் புள்ளியையும் அழித்துவிடும். நான்கு பக்கமும், அடிப்பாகமும், மூடி வளையமும், பேட்ச் பெட்டி மட்டும் தனியாகக் கிட்டத்திலும் வேண்டும். ஹாலோகிராம் இருந்தால் இரண்டு கோணத்தில். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். திறப்பதை வெட்டாத ஒரே வீடியோவாக எடுத்துவையுங்கள்.

பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதியும் எழுதித் தரச் சொல்லுங்கள். பில் தருவது கடைக்காரரின் சட்டக் கடமை. விதைக்கும் அப்படியே, குவியல் எண்ணோடு. சந்தேகம் வந்தால் பிரிக்காத பாட்டிலோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம் போங்கள், பூச்சிமருந்து ஆய்வாளர் கடையிலிருக்கும் அதே பேட்சில் மாதிரி எடுக்க முடியும். அதனால் முதலில் கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள், சரக்கு அன்றிரவே இடம் மாறிவிடும். விதைக்கு விதை ஆய்வாளர். யாரைப் பிடிப்பது என்று தெரியாவிட்டால் உழவர் அழைப்பு மையம் 1800-180-1551.

இவரிடம் பிரிக்காத பாட்டில் இல்லை, விதையும் மொத்தமாக விதைத்தாகிவிட்டது. அதற்காக வழக்கே இல்லை என்று கடைக்காரர் சொன்னதை ஏற்கவேண்டாம். விதை வாங்கும் விவசாயி நுகர்வோர்தான் என்றும், மாதிரிக்கென்று விதையை எடுத்துவைக்கவில்லை என்று அவரைக் குறைசொல்ல முடியாது என்றும் 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வயல் நிலையை வேளாண்மை அலுவலர் வந்து பார்த்து எழுத்தில் தரவேண்டும், அதுவும் பயிர் நிற்கும்போதே. மூட்டை, இரண்டு அட்டை, தைத்த நூல், காலி பாட்டில், அட்டைப்பெட்டி எல்லாம் வழக்கு முடியும்வரை இருக்கட்டும்.

வழக்கில்லாத மற்ற காலி பாட்டில்களை மூன்று முறை தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிவிட்டு, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு நசுக்குங்கள். லேபிளையும் குறுக்கே கிழித்துவிடுங்கள்.