பிஎல்சியின் வலைப்பக்கம்: போர்ட் திறப்பதா, விபிஎன்னா?

ஒரு பம்ப் ஹவுஸ், ஒரு பிஎல்சி, ஒரு 4ஜி ரூட்டர். தொட்டி மட்டமும் மோட்டார் நிலையும் பிஎல்சியின் வலைப்பக்கத்திலேயே தெரியும். வெளியிலிருந்து அதைப் பார்க்க இரண்டு வழி.

போர்ட் ஃபார்வர்டிங் ஐந்து நிமிட வேலை. ஆனால் சிம் கார்டில் பெரும்பாலும் பலிக்காது. ரூட்டரின் WAN முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் அது பொது முகவரியே அல்ல. வெளியிலிருந்து வரும் இணைப்பு ரூட்டரை எட்டாது. எட்டினாலும் ஆபத்துதான்: பக்கம் உலகத்துக்கே திறந்து கிடக்கும், http என்றால் கடவுச்சொல்லும் மறைவின்றிப் போகும்.

விபிஎன்னில் ரூட்டரே வெளியிலுள்ள சர்வரை அழைத்து இணைகிறது. அந்தச் சிக்கல் இல்லை. இதையே தேர்ந்தெடுங்கள். பம்ப் ஹவுஸிலேயே இருந்து பார்த்தால் திறக்கும் பக்கம் விபிஎன் வழியே திறக்காவிட்டால், முதலில் பிஎல்சியின் கேட்வே முகவரியைப் பாருங்கள். அது காலியாக இருந்தால் கோரிக்கை வந்து சேரும், பதில் திரும்பாது.