வேலையை விட்டவரின் கணக்கை நீக்கச் சொன்னோம், மொத்த ஆபீஸும் நின்றது: சேலம் வியாபாரிகள் கவனத்துக்கு

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறோம். எந்தப் பட்டறைக்கு எவ்வளவு வெள்ளி போனது, எவ்வளவு எடை கொலுசாகத் திரும்பியது, யாருக்கு என்ன ஆர்டர் என்பதெல்லாம் கூகுள் ஒர்க்ஸ்பேஸில் ஒரே ஷீட்டில் இருக்கிறது. அதை உருவாக்கியவர் எங்கள் ஆர்டர் பிரிவில் இருந்த பெண். கல்யாணமாகி வெளியூர் போவதால் வேலையை விட்டார். அவரிடம் எந்தக் குறையும் இல்லை.

கம்ப்யூட்டர் வேலைகளுக்கு நாங்கள் வழக்கமாகக் கூப்பிடும் சர்வீஸ்காரரிடம், "அந்தப் பொண்ணு இனி உள்ளே வர முடியாதபடி பண்ணிடுங்க தம்பி, மத்தவங்க வேலை நிக்கக் கூடாது" என்று தெளிவாகச் சொன்னேன். அவர் கணக்கையே டெலீட் செய்துவிட்டார். டெலீட் செய்யும்போதே அந்தக் கணக்கின் ஃபைல்களை யாருக்கு மாற்றுவது என்று திரை கேட்கும். அதில் யார் பெயரையும் போடாமல் தாண்டிப் போயிருக்கிறார். ஷீட் அந்தப் பெண்ணின் பெயரில் இருந்ததால், பகிர்ந்து வைத்திருந்த எங்கள் யாருக்கும் திறக்கவில்லை. பட்டறைக்காரர்கள் எடைக் கணக்கு கேட்டு வாசலில் நிற்கிறார்கள், இங்கே காட்ட ஒன்றும் இல்லை.

கூப்பிட்டுக் கேட்டால், "அண்ணா, அது போனது போனதுதான். ரெக்கவரி சாப்ட்வேர் போட்டுப் பார்க்கலாம், 8,000 ரூபாய் ஆகும்" என்றார். இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒர்க்ஸ்பேஸில் டெலீட் ஆன கணக்கை 20 நாள் வரை திரும்பக் கொண்டுவரலாம். அதற்கு எந்த சாப்ட்வேரும் வேண்டாம், தனிக் கட்டணமும் கிடையாது. எல்லாக் கணக்குகளையும் கட்டுப்படுத்தும் சூப்பர் அட்மின் உரிமை உள்ளவர், ஒர்க்ஸ்பேஸின் நிர்வாகப் பக்கமான அட்மின் கன்சோலில் Users பட்டியலைத் திறந்து, Recently deleted என்று வடிகட்டினால் அந்தப் பெயர் தெரியும். 20 நாள் தாண்டினால்தான் உண்மையாகவே போகும்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போனிலேயே வழி சொன்னான். முதல் முயற்சியில் கணக்கு மீளவில்லை. "மாமா, அந்த மெயில் முகவரியை வேற யாருக்காவது கொடுத்திருக்காங்களா பாருங்க" என்றான். அதேதான். ஆர்டர் மெயில் வரட்டும் என்று அந்த முகவரியை என் கணக்குக்கு மாற்றுப் பெயராகச் சேர்த்து வைத்திருந்தார் சர்வீஸ்காரர். அதை எடுத்த பிறகே கணக்கு மீண்டது, ஷீட்டும் திறந்தது.

அப்புறம் அவன் சொன்ன வரிசையில் செய்தோம். முதலில் பாஸ்வேர்டை மாற்றினோம். அதோடு, பயனரின் பாதுகாப்புப் பகுதியில் Sign-in cookies என்ற இடத்தில் ரீசெட் கொடுத்து, ஏற்கெனவே திறந்திருக்கும் உள்நுழைவுகளையும் மூடினோம். மீட்பு எண்ணாக இருந்த அவருடைய சொந்த போன் நம்பரை எடுத்தோம். இவ்வளவிலேயே அவர் உள்ளே வர முடியாது, மற்றவர்களுக்கு ஒன்றும் மாறாது. சஸ்பெண்ட் செய்தாலும் பகிர்ந்த ஃபைல்கள் மற்றவர்களுக்குத் திறக்கும், ஆனால் அந்த முகவரிக்குப் புது மெயில் வராது. எங்களுக்கு அதில்தான் ஆர்டர் வருகிறது என்பதால் சஸ்பெண்ட் செய்யவில்லை.

பிறகு Apps, Google Workspace, Drive and Docs என்று போய் Transfer ownership மூலம் அவருடைய ஃபைல்களை என் பெயருக்கு மாற்றினோம். இது டிரைவில் உள்ளதை மட்டும்தான் மாற்றும், பழைய மெயில்கள் வராது. அதனால் வேண்டிய மெயில்களை எடுத்து வைக்கும்வரை கணக்கை டெலீட் செய்யாதீர்கள். அதுவரை அந்தக் கணக்குக்குச் சந்தா கட்டத்தான் வேண்டும். தொலைந்த எடைக் கணக்கோடு பார்த்தால் அது சின்னச் செலவு.

ஒன்று மட்டும் சத்தமில்லாமல் நிற்கும். எங்கள் ஷீட்டிலிருந்து தினமும் காலையில் பட்டறைகளுக்குத் தானாக மெயில் போகும்படி அந்தப் பெண் ஒரு ஸ்கிரிப்ட் போட்டிருந்தார். அதைத் தினமும் தானாக ஓடவைக்கும் ட்ரிக்கர் அவருடைய கணக்கின் பெயரில் ஓடுவது. ஃபைலின் உரிமை மாறினாலும் ட்ரிக்கர் கூடவே வராது. அதனால் என் கணக்கில் புதிதாக அமைத்தோம். கணக்கை மூடும் முன் "தானாக நடக்கிற மாதிரி எதை எதைப் போட்டு வச்சிருக்கேம்மா?" என்று போகிறவரிடமே கேட்டுவிடுங்கள்.

கடைசியில் Account பகுதியில் Admin roles திறந்தபோது, அந்த சர்வீஸ்காரரும் தன் பெயரில் ஒரு சூப்பர் அட்மின் கணக்கு வைத்திருப்பது தெரிந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன பெண்ணைவிட இவரிடம் இருந்த சாவி பல மடங்கு பெரியது. அதை அன்றே எடுத்தோம், வாங்கிய சர்வீஸ் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.