மூன்று கொட்டேஷன், ஒரே வீடு: கறையான் மருந்துக்கு எத்தனை லிட்டர்?

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் தம்பி வீடு கட்டுகிறான். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியதும் கறையான் மருந்து அடிக்க மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, மூன்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். முதல் ஆள் 27 லிட்டர் குளோர்பைரிபாஸ் என்று எழுதியிருந்தார். இரண்டாமவர் அதே மருந்து 22 லிட்டர். மூன்றாமவர் இமிடாகுளோபிரிட், வெறும் நாலரை லிட்டர்.

"அண்ணே, முதல் ஆளுதான் மருந்து நெறைய போடுறாரு. அவரையே வரச் சொல்லிடவா?" என்று கேட்டான்.

கட்டட மேற்பார்வை வேலையில் இதே கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மருந்து டப்பாவில் எத்தனை லிட்டர் என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். முதலில் மண்ணுக்குள் போக வேண்டிய கரைசல் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்கு அப்புறம்தான் அதில் மருந்து எத்தனை பங்கு என்ற கேள்வி. முதல் ஆள் முதல் கணக்கில் தவறியிருக்கிறார், இரண்டாமவர் இரண்டாவது கணக்கில்.

தம்பி வீடு வெளி அளவுக்கு 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். பிளிந்த் பரப்பு 108 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 1,160 சதுர அடி. தூண், பீம் கிடையாது. சுவரே பாரம் தாங்கும் வீடு. சுவர் 23 சென்டிமீட்டர். நடுக்கோட்டில் அளந்தால் வெளிச்சுவர் 41 மீட்டர், உள்சுவர்கள் 20 மீட்டர். ஆக வானத்தின் நீளம் 61 மீட்டர், அகலம் 75 சென்டிமீட்டர்.

முதல் ஆளின் கணக்கு எளிமையானது. 108-ஐ 5 லிட்டரால் பெருக்கி 540 லிட்டர் கரைசல் என்றார். சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்பது அவர் தானாகச் சொன்னதல்ல. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 6313 புதுக் கட்டடத்துக்குச் சொல்லும் அளவுதான். ஆனால் அது பேஸ்மட்டத்துக்குள் மண் நிரப்பி, கான்கிரீட் போடும் முன் அந்த மண்ணின் மேல்பரப்புக்கு ஊற்ற வேண்டிய அளவு. முழு வேலையில் அது ஒரு கட்டம் மட்டுமே. கறையான் மேலே இருந்து வருவதில்லை. அஸ்திவாரத்தின் பக்கவாட்டில், சுவரை ஒட்டித்தான் ஏறி வரும். அந்தப் பக்கவாட்டை 540 லிட்டர் தொடவே தொடாது.

வானத்தின் நீளத்தை வைத்துப் போட்டால் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். வானத்தின் அடிப்பரப்பும், இரண்டு பக்கமும் 30 சென்டிமீட்டர் உயரமும் நனைய வேண்டும். ஒரு மீட்டர் நீளத்துக்கு அது 0.75 கூட்டல் 0.30 கூட்டல் 0.30, அதாவது 1.35 சதுர மீட்டர். 5 லிட்டர் வீதம் 6.75 லிட்டர். 61 மீட்டருக்கு 412 லிட்டர் வருகிறது.

அடுத்து, அஸ்திவாரம் கட்டியபின் இரண்டு பக்கமும் மண் தள்ளுவோமே, அதுதான் மருந்தை அதிகம் குடிக்கிற கட்டம். அங்கே சுவரின் நிற்கும் பரப்பில் ஒரு பக்கத்துக்குச் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர். தம்பி வீட்டில் நிரப்பும் உயரம் 90 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து மீட்டருக்கு 13.5 லிட்டர், மொத்தம் 824 லிட்டர். இதை ஒரே மூச்சில் மேலே ஊற்றிவிடக் கூடாது. அடுக்கடுக்காக மண் போட்டு, சுவரை ஒட்டி ஊற்றிக்கொண்டே வர வேண்டும். அப்போதுதான் சுவரோடு ஒட்டிய மண் மேலிருந்து கீழ்வரை மருந்துத் திரையாக நிற்கும்.

அப்புறம் பேஸ்மட்ட மண். சுவர் பரப்பைக் கழித்தால் உள்ளே 94 சதுர மீட்டர், 470 லிட்டர். அந்த மண்ணும் சுவரும் சேரும் ஓரத்தில் 3 சென்டிமீட்டருக்குச் சின்ன வாய்க்கால் வெட்டி, 15 சென்டிமீட்டருக்கு ஒரு துளை கம்பியால் குத்தி, தரைமட்டம் வரை மருந்து இறங்கும்படி ஊற்ற வேண்டும். பேஸ்மட்டம் 60 சென்டிமீட்டர் உயரம். உள்முகச் சுவர் நீளம் 80 மீட்டர். 7.5 லிட்டர் வீதம் 360 லிட்டர். கடைசியாக வீட்டின் வெளிச் சுற்றில், 42 மீட்டருக்கு, 30 சென்டிமீட்டர் ஆழத் துளைகளில் 95 லிட்டர்.

எல்லாம் கூட்டினால் சுமார் 2,160 லிட்டர். முதல் ஆள் சொன்ன 540-க்குச் சரியாக நாலு மடங்கு.

பிளிந்த் பரப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது ஏன் சரிவராது என்பதற்கு இன்னொரு சோதனையும் செய்து பார்த்தேன். இதே 108 சதுர மீட்டரில் உள்சுவரே இல்லாத ஒரு கூடம் என்றால் சுமார் 1,600 லிட்டர் போதும். பரப்பு மாறவில்லை, 20 மீட்டர் உள்சுவர் மட்டும் போனதில் 560 லிட்டர் குறைந்துவிட்டது. அறைகள் அதிகமுள்ள வீட்டுக்குச் சதுர அடி ரேட் பேசினால் குறைவது மருந்துதான். தூணும் பீமும் உள்ள வீட்டுக்கு வேறு கணக்கு. நல்ல கான்கிரீட்டைக் கறையான் துளைக்காது என்பதால் தரைமட்டத்துக்குக் கீழே 50 சென்டிமீட்டரில் இருந்து தொடங்கினால் போதும் என்று அதே தர நிர்ணயம் சொல்கிறது.

சரி, இரண்டாமவருக்கு வருவோம். அவர் வானத்தை அளந்து 2,160 லிட்டர் என்று சரியாகவே எழுதியிருந்தார். ஆனால் மருந்து 22 லிட்டர் என்றபோது எனக்கு உறுத்தியது. போனில் கேட்டேன். "ஒரு பர்சன்ட் தானே சார் சொல்லியிருக்கு. நூறு லிட்டர் தண்ணிக்கு ஒரு லிட்டர்" என்றார்.

இந்தத் தவறு ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. ஒரு சதவீதம் என்பது கரைசலில் இருக்க வேண்டிய வீரியப் பொருள், டப்பாவில் உள்ள திரவம் அல்ல. குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. டப்பாவில் வீரியப் பொருள் 20 சதவீதம்தான். மீதி கரைப்பானும் குழம்பாக்கியும். ஒரு சதவீதக் கரைசல் வேண்டுமென்றால் 20 பங்கில் ஒரு பங்கு மருந்து, 19 பங்கு தண்ணீர். 2,160 லிட்டருக்கு 108 லிட்டர் வேண்டும். அவர் கலப்பதாக இருந்தது 0.2 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு பலம். வேண்டுமென்று செய்தார் என்று நான் நினைக்கவில்லை. விளக்கியதும் காகிதத்தில் போட்டுப் பார்த்து ஒத்துக்கொண்டார்.

மூன்றாமவரின் நாலரை லிட்டர்தான் மூன்றிலும் சரியான கணக்கு. இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. வீரியம் அதிகம், தேவையான கரைசலோ 0.075 சதவீதம்தான். லேபிளில் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. 2,160-ஐ 2.1-ஆல் பெருக்கினால் 4.5 லிட்டர். இங்கே ஒன்று: 0.075-ஐ 30.5-ஆல் வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 2.46 மில்லி என்று வரும். 30.5 என்பது எடைக் கணக்கு, அந்தத் திரவமோ தண்ணீரைவிட கனமானது. அதனால்தான் லேபிள் அளவு குறைவு. சதவீதத்தை வைத்து நாமே கணக்குப் போடாமல் லேபிளில் உள்ள மில்லியைத்தான் எடுக்க வேண்டும்.

அளவு சரி என்பதற்காக மூன்றாமவரையே அழைக்கச் சொல்லிவிட்டேனா? இல்லை. தம்பி மனையில் வெறும் மணல். வானத்தில் இருந்து 4 மீட்டரில் உறைகிணறு, குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்தான். இமிடாகுளோபிரிட் லிட்டர் தண்ணீரில் 0.6 கிராம் வரை கரையக்கூடியது. களிமண் என்றால் ஓரளவு பிடித்து வைக்கும். மணலில் மழைத் தண்ணீரோடு கீழே இறங்கிப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது கிணற்றை நோக்கிப் போவதை நான் விரும்பவில்லை. மருந்து நகர்ந்துவிட்டால் சுவரோரத்தில் காவலும் இளைத்துவிடும்.

குளோர்பைரிபாஸ் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஆனால் காரத்தன்மையில் சீக்கிரம் சிதையும். சிப்பியும் பவளச் சுண்ணாம்பும் கலந்த கடற்கரை மண்ணில் அது ஒரு குறை. 108 லிட்டர் கரைப்பான் நாற்றத்தோடு வீட்டடியில் இறங்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் நாலாவதாக ஒன்றைக் கேட்டேன்: பைஃபென்த்ரின் 2.5 ஈ.சி. தேவையான கரைசல் 0.05 சதவீதம், லிட்டருக்கு 20 மில்லி. 2,160 லிட்டருக்கு 43 லிட்டர். தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம், விழுந்த இடத்து மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். இதிலும் ஒரு சங்கடம் உண்டு. இது கறையானை விரட்டும் வகை. இமிடாகுளோபிரிட் பட்ட மண்ணைக் கறையான் அடையாளம் காணாமல் புகுந்து சாகும். பைஃபென்த்ரின் மண்ணை அது உணர்ந்து விலகி, மருந்து படாத சந்து எங்கே என்று தேடும். ஒரு முழ இடைவெளி விட்டாலும் வழி அதுதான். ஆகவே துளைகளின் இடைவெளியில் கஞ்சத்தனம் கூடாது. மீனுக்கும் இது கொடிய விஷம். டப்பா கழுவிய தண்ணீர் ஊருணிப் பக்கம் போகவே கூடாது.

கிணற்றுப் பக்கச் சுவருக்கு மட்டும் முறையை மாற்றினோம். வானத்தில் நேராக ஊற்றவில்லை. நிரப்ப வேண்டிய மண்ணைத் தார்ப்பாயில் கொட்டி, அதில் மருந்தைக் கலந்து, ஈரம் ஊறியபின் அள்ளிப் போட்டோம். தண்ணீராக ஓடுவதற்கு அங்கே எதுவும் மிஞ்சாது.

இன்னொரு சிக்கல் கலக்கும் தண்ணீரில் வந்தது. ஈ.சி. மருந்து தண்ணீரில் பால் போலக் குழம்பாக நிற்க வேண்டும். அதைச் சோதிக்கும் தரத் தண்ணீரின் கடினத்தன்மையே 342 பி.பி.எம். இங்கே போர் தண்ணீர் பல இடங்களில் அதைத் தாண்டி, உப்பும் சேர்ந்திருக்கும். கண்ணாடி பாட்டிலில் ஒரு லிட்டர் போர் தண்ணீர் எடுத்து 20 மில்லி மருந்து கலந்து ஒரு மணி நேரம் வைத்தோம். மேலே மஞ்சளாக எண்ணெய்ப் படலம் பிரிந்தது. அப்படிப் பிரிந்தால் டிரம்மின் மேல்பாதி ஒரு பலம், அடிப்பாதி வேறு பலம். லாரி நல்ல தண்ணீரில் அதே சோதனை செய்தபோது கடைசிவரை பாலாகவே நின்றது. 11 டிரம்முக்கும் லாரித் தண்ணீர்தான் என்று முடிவானது.

வேலை நாளில் தம்பிக்கு நான் சொன்னது டிரம்மை எண்ணச் சொல்லித்தான். 200 லிட்டர் டிரம், ஒவ்வொன்றிலும் 4 லிட்டர் மருந்து, அவன் கண் முன்னால் சீல் உடைத்து ஊற்ற வேண்டும். வானத்துக்கு இரண்டு டிரம், பக்கமண்ணுக்கு நாலு, பேஸ்மட்டத்துக்கும் அதன் ஓரத்துக்கும் நாலுக்குச் சற்று மேல், வெளிச்சுற்றுக்கு அரை. பக்கமண் போடும் நாளில் மூன்றாவது டிரம் முடிந்ததும் ஆட்கள் கைகால் கழுவப் போயிருக்கிறார்கள். தம்பி நோட்டைக் காட்டியிருக்கிறான். வடக்குச் சுவரின் உள்பக்கம் முழுக்க விட்டுப்போயிருந்தது. நாலாவது டிரம்மைக் கலந்து அன்று பொழுது சாயும் முன் முடித்துவிட்டார்கள்.