மச்சானுக்குக் கடன்: புரோநோட்டா, ஈட்டு உறுதியா?

திருகோணமலையில் படகு எஞ்சின் வாங்க மச்சான் 5 இலட்சம் கேட்கிறார். வருட வட்டி 12 வீதம்.

செலவு: புரோநோட்டுக்கு அநேகமாக ஒன்றுமில்லை. ஈட்டு உறுதிக்கு நொத்தாரிசு கட்டணம், இரண்டு சாட்சிகள், காணிப் பதிவு.

வழக்குப் போடும் காலம்: நோட்டுக்கு 6 வருடம், ஈட்டுக்கு 10. வெறும் வாய்ப்பேச்சுக் கடனுக்கு 3தான்.

நோட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் வருட வட்டி 60,000ஐக் கழித்து 4,40,000ஐக் கையில் கொடுத்துவிட்டு, 5 இலட்சம் என்று மட்டும் எழுதுவார்கள். 1918ஆம் ஆண்டுக் கடன் வழங்கல் சட்டப்படி கடன் தொகை, முன்கூட்டிக் கழித்த வட்டி, வருட வட்டி வீதம் மூன்றும் நோட்டிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கில் நோட்டு நிற்காது.

வரி: இரண்டிலும் ஒன்றுதான். வங்கி வட்டியில் 10 வீதம் பிடித்துவிடும். மச்சான் பிடிக்கமாட்டார், நீங்களே காட்ட வேண்டும். 2025/26இல் 18 இலட்சம் வரை விலக்கு. உங்கள் வருடச் சம்பளம் 20 இலட்சம் என்றால், 60,000 வட்டிக்கு 6 வீதப்படி 3,600 ரூபாய் வரி.

வருடத்தில் அடைபடும் கடனென்றால் ஒழுங்காக எழுதிய நோட்டு போதும். தொகை பெரிது, காணியும் இருக்கிறது என்றால், உறவென்று கூச்சப்படாமல் ஈட்டு உறுதியே எழுதுங்கள்.