உடை மாறும்போது முகம் நிற்கிறதா: அடாப்டரும் வெறும் இன்பெயின்டிங்கும்

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உடையை மட்டும் மாற்ற வேண்டிய படத்தில் முகத்தைக் காப்பாற்ற இன்ஸ்டன்ட்ஐடி நல்லதா, பியூலிட் நல்லதா என்று நண்பர் ஒருவர் அண்மையில் கேட்டார். ஒருவரின் முகத்தைப் படம் உருவாக்கும் மாதிரிக்கு எடுத்துக்கொடுக்கும் அடாப்டர்களான இவ்விரண்டையும், இவற்றுக்குச் சற்று முன்னதாக 2023 டிசம்பரில் வெளிவந்த ஐபி-அடாப்டர் ஃபேஸ்ஐடியையும் நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். நிறுவும் முறையும் அமைப்புகளும் அவருக்குத் தெரிந்தவையே என்பதால், இத்தனை நாள் என்னை விடாமல் எரிச்சலூட்டி வரும் ஒரு விஷயத்திலிருந்தே பதிலைத் தொடங்கினேன்.

ஒப்புதலுடன் எடுத்த ஒரு முழு உருவப் படம். 1024 அகலம், 1536 உயரம். வெள்ளை வட்டக் கழுத்துச் சட்டை அணிந்த பெண்மணிக்கு, உயர்ந்த காலர் வைத்த அடர்சிவப்புக் கோட்டு அணிவிக்க வேண்டும். அவருடைய இடது கண்ணுக்குக் கீழே ஒரு சிறு மச்சம் உண்டு. வலது புருவம் இடதைவிடச் சற்றே உயர்ந்திருக்கும். நிற்கும் நிலையை ஓபன்போஸால் பிடித்துக்கொண்டு, இன்ஸ்டன்ட்ஐடியின் வலிமையை 0.8 அளவில் வைத்துப் படத்தைப் புதிதாக உருவாக்கினால், கோட்டு மிக அழகாக வருகிறது. முகமும் முதல் பார்வைக்கு அவருடையதாகவே தெரிகிறது. அவரை நன்கு அறிந்தவர் பார்த்தாலோ உடனே தயங்குகிறார். மச்சம் இல்லை, புருவங்கள் இரண்டும் சமமாகிவிட்டன, தோல் வழவழப்பாகிவிட்டது. உடன்பிறந்தவரிடம் காணும் ஜாடைதான் மிஞ்சுகிறது.

அளவைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்துவிட முடியாது என்பதற்குக் காரணம் உண்டு. இந்த அடாப்டர்கள் முகத்தை அடையாளம் காணும் மாதிரி ஒன்றிலிருந்து 512 எண்களைப் பெற்று, முதன்மையாக அவற்றையே முகத்தின் சாரமாகக் கொள்கின்றன. அந்த மாதிரியோ, ஒரே ஆள் வேறு வெளிச்சத்திலும் வேறு கோணத்திலும் வேறு முகபாவத்திலும் வந்தாலும் ஒரே விடை தரும்படி பயிற்றுவிக்கப்பட்டது. அதற்குள் செல்லும் முகம் 112க்கு 112 பிக்சல் அளவுக்குச் சுருக்கப்படுகிறது. நமக்கு ஒருவரை அவராகக் காட்டும் மச்சமும் தழும்பும் தோலின் நயமும் அதற்குத் தேவையற்ற விவரங்கள். அவற்றைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டதுதான் அதன் திறமை. இன்ஸ்டன்ட்ஐடி கூடுதலாகப் பயன்படுத்தும் முகப்புள்ளிகளும் ஐந்தே: இரு கண்கள், மூக்கு நுனி, வாயின் இரு ஓரங்கள். புருவத்தின் உயரம் அதில் எங்கும் இடம்பெறுவதில்லை. அளவை 1க்கு மேல் ஏற்றினால் முகம் விறைத்து, உடையை விவரித்து நாம் எழுதும் வாசகம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது, 0.5க்குக் கீழே இறக்கினால் உடை சொன்னபடி வருகிறது, ஜாடையும் போய்விடுகிறது. பியூலிட் அடிப்படை மாதிரியின் போக்கைக் குறைவாகவே கலைக்கும்படி வடிவமைக்கப்பட்டதால் இந்த இழுபறி அதில் சற்றுக் குறைவு. மச்சத்தை அதுவும் தவறவிடுகிறது.

இதைவிட எனக்குக் கோபம் வருவது, சிலர் முக ஒற்றுமை மதிப்பெண்ணைக் காட்டி வாதிடும்போதுதான். எந்த மாதிரி தந்த எண்களைக் கொண்டு முகம் வரையப்பட்டதோ, அதே மாதிரியைக் கொண்டு ஒற்றுமையை அளந்தால் மதிப்பெண் உயர்வாக வருவதில் வியப்பில்லை. அளப்பதென்றால் உருவாக்கத்தில் பங்கெடுக்காத வேறொரு மாதிரியால் அளக்க வேண்டும். அதைவிட நம்பகமானது அந்த முகத்தைத் தினமும் பார்ப்பவரின் கண்.

இனி அதே படத்தில் வெறும் இன்பெயின்டிங், அதாவது மாஸ்க் இட்டுக் குறித்த பகுதியை மட்டும் புதிதாக வரைவது. சட்டையையும் கழுத்தையும் தாடைக்குச் சற்றுக் கீழே வரை மாஸ்க் செய்து, முகத்தைத் தொடாமல் விட்டேன். இன்பெயின்டிங்குக்கென்றே பயிற்றுவித்த மாதிரியைக் கொண்டு, பழைய படத்தை எவ்வளவு அழித்து வரைவது என்பதைச் சொல்லும் `denoise` மதிப்பை 1.0 வைத்தேன், 0.6 வைத்தால் பழைய சட்டையின் வெள்ளை கசிந்து கோட்டு இளஞ்சிவப்பாகிவிடுகிறது. மாஸ்க்கை உயர்ந்த காலருக்கு இடம் இருக்கும்படி வரைய வேண்டும். பழைய சட்டையின் விளிம்போடு நிறுத்தினால், எந்த வாசகம் எழுதினாலும் வட்டக் கழுத்துக் கோட்டே வரும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. படம் உருவாக்கும் கருவியான கம்ஃபியில் `Set Latent Noise Mask` போட்டுவிட்டால் முகம் அப்படியே இருக்கும் என்று நம்புகிறார்கள். மாஸ்க்குக்கு வெளியே உள்ள பகுதியும் மாதிரியின் விஏஇ என்ற உறுப்பால் சுருக்கப்பட்டு மீண்டும் விரிக்கப்படுகிறது. எட்டுக்கு எட்டு பிக்சல் ஒரு கட்டமாகச் சுருங்குவதால், 110 பிக்சல் அகலமுள்ள முகம் அங்கே ஏறக்குறைய 14 கட்டங்கள்தான். ஒரு கண் மூன்று கட்டங்களைக்கூட நிரப்புவதில்லை. ஆகவே கண்ணின் ஓரங்கள் மெல்லக் கலங்கிவிடுகின்றன. இறுதியில் `ImageCompositeMasked` கொண்டு மூலப்படத்தின் முகத்தை அதன் இடத்திலேயே மீண்டும் பதிக்க வேண்டும். பிறகு இரு படங்களையும் அடுக்கி வித்தியாசம் காட்டும் முறையில் பார்த்தால், முகப்பகுதி முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் மச்சமும் புருவமும் உள்ளபடியே உள்ளன; மதிப்பெண் எதுவும் தேவையில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித் தாடையின் அடிப்பகுதியைத் துலக்கியிருந்தது. சட்டை போய் அடர்சிவப்புக் கோட்டு வந்த பின்னும் அந்த வெள்ளை ஒளி தாடையில் அப்படியே தங்கிவிட்டது. பிக்சல் பிசகாத அந்த முகம் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கிறது. அடாப்டர் வரைந்த படத்திலோ தாடைக்கடியில் மென்மையான செம்மை படர்ந்து, காலரின் நிழல் கழுத்தில் சரியாக விழுந்திருந்தது. முகமும் உடையும் ஒரே வெளிச்சத்தில் ஒருசேரப் பிறப்பதால் வரும் இந்த ஒருமைப்பாட்டை நான் எதிர்பார்க்கவில்லை. இன்றும் அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் மகிழ்கிறது. ஆள் திரும்பி நிற்க வேண்டும், அல்லது கை முகத்தின் மேல் வர வேண்டும் என்றால், இன்பெயின்டிங் பயன்படவே படாது. அங்கே அடாப்டர்தான் ஒரே வழி.

ஆகவே இப்போது நான் செய்வது இதுதான். உடையை வெறும் இன்பெயின்டிங்கால் மாற்றி முடித்து, தாடை விளிம்பையும் கழுத்தையும் மட்டும் தனியே வெட்டிப் பெரிதாக்கி, `denoise` 0.3 அளவில் ஒருமுறை வெளிச்சத்தைச் சரிசெய்கிறேன். கண், மூக்கு, புருவம் இந்த மாஸ்க்குக்கு வெளியே இருப்பதால் அவற்றுக்கு ஆபத்தில்லை. தாடையின் வடிவம் விலகாமலிருக்க இந்த இரண்டாம் சுற்றில் ஃபேஸ்ஐடியை 0.4 அளவில் சேர்த்துப் பார்த்ததுண்டு. உதவுகிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இவ்வளவு குறைந்த `denoise` மதிப்பில் பழைய பிக்சல்களே வடிவத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்கின்றன. தவிர, இந்த அடாப்டர்கள் சார்ந்திருக்கும் முகமறியும் தொகுப்பான இன்சைட்ஃபேஸ் தரும் ஆயத்த மாதிரிகள் வணிகம் சாராத ஆய்வுக்கு மட்டுமே உரிமம் பெற்றவை. கூலி பெற்றுச் செய்யும் வேலையில் அதுவும் ஒரு தடை.

நண்பருக்கு நான் தந்த விடை, அடாப்டரின் வெளிச்சத்தை மேலே அவ்வளவு புகழ்ந்ததோடு பொருந்தாமல் தோன்றலாம். நிற்கும் நிலை மாறாத படமாக இருந்தால் இரண்டையும் நிறுவ வேண்டாம், மாஸ்க்கை ஒழுங்காக வரையுங்கள் என்றேன். என் வழக்கமான பணியோட்டத்திலிருந்தும் அடாப்டரை எடுத்துவிட்டேன். தாடைக்கடியில் வெளிச்சம் தவறியிருப்பதைக் கவனிப்பவர் சிலரே. தன் மச்சம் காணாமல் போனதைப் படத்தில் இருப்பவர் முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்.