வால்வு ஒட்டுகிறதா, ட்யூனிங் தப்பா? ட்ரெண்டைப் படிப்பதும் மேனுவலில் தள்ளிப் பார்ப்பதும்

மணலிப் பக்கம் ஒரு பிளான்ட்டில் தண்ணீர் ஃப்ளோ லூப் ஒன்று ஓயாமல் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். செட்பாயின்ட் 42, ரேஞ்ச் 0 முதல் 100 கனமீட்டர்/மணி. பேனல் ஆபரேட்டர் வழக்கம்போல, "சார், ட்யூனிங்கக் கொஞ்சம் பாருங்க" என்பார். பார்ப்பதற்கு முன் வால்வு ஒட்டுகிறதா என்று தெரியவேண்டும். அதற்கு இரண்டு வழி: ட்ரெண்டின் வடிவத்தைப் படிப்பது, அல்லது மேனுவலில் போட்டு வால்வைத் துளித்துளியாக நகர்த்திப் பார்ப்பது. எங்கள் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

முதல் வழிக்குச் செலவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம். ஒட்டிய வால்வு தப்பான இடத்தில் நிற்கிறது. ஃப்ளோவும் அங்கேயே நிற்கிறது. பிழை தீராததால் கன்ட்ரோலரின் இன்டக்ரல், வால்வுக்குப் போகும் அவுட்புட்டை நேர்கோட்டில் ஏற்றிக்கொண்டே போகிறது. போதுமான அழுத்தம் சேர்ந்ததும் வால்வு சட்டென்று குதித்து, ஃப்ளோவைச் செட்பாயின்ட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. இப்போது அவுட்புட் இறங்கத் தொடங்கும், கதை திரும்ப நடக்கும். அதனால் ஃப்ளோ பெட்டி பெட்டியாகவும், அவுட்புட் ரம்பப் பல்லாகவும் தெரியும். ட்யூனிங் முறுக்கலாக இருந்தால் இரண்டுமே உருண்டையான அலைகள்.

நம் லூப்பில் ஃப்ளோ 40.8-க்கும் 43.2-க்கும் இடையே தாவுகிறது, அவுட்புட் 46.2%-க்கும் 48.0%-க்கும் நடுவே ஆடுகிறது. கெயின் 0.4, இன்டக்ரல் டைம் 30 விநாடி. ஒரு சுற்றுக்குச் சுமார் 105 விநாடி. படம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் அந்தப் படம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹிஸ்டோரியன் நிமிடத்துக்கு ஒரு மதிப்பை மட்டும் சேமித்தால், 105 விநாடிச் சுற்றுக்கு இரண்டு புள்ளிகூடக் கிடைக்காது. திரையில் 140 விநாடிச் சுற்று ஒன்று தெரியும்; அப்படி ஒன்று பிளான்ட்டில் இல்லவே இல்லை. மாற்றம் குறைவான மதிப்புகளைச் சேமிக்காமல் விடும் கம்ப்ரஷன் போட்டிருந்தால் இன்னும் மோசம். விட்டுப்போன இடத்தைத் திரை நேர்கோட்டால் இணைப்பதால் பெட்டி முக்கோணமாகிவிடும். டிரான்ஸ்மிட்டரில் டேம்பிங் அதிகமாக வைத்திருந்தால் முனைகள் மழுங்கி, ஒட்டும் வால்வும் ட்யூனிங் அலை மாதிரியே இருக்கும். ட்ரெண்டை நம்பத்தான் போகிறீர்கள் என்றால் கம்ப்ரஷன் இல்லாமல், 1 விநாடிக்கு ஒரு மதிப்பாக, 15 நிமிடம் எடுங்கள். எட்டுச் சுற்று கிடைக்கும். அப்படி எடுத்தாலும் லெவல் லூப்பில் வடிவத்தை வைத்துச் சத்தியம் செய்யமாட்டோம். ஃப்ளோ பெட்டியாகத் தாவினாலும் டேங்க் அதைச் சேர்த்துச் சேர்த்து லெவலை முக்கோணமாக்கிவிடும்.

மேனுவல் சோதனைக்கு இந்தத் தொல்லை கிடையாது. திரையில் ஓடும் நேரடி எண்ணே போதும். அவுட்புட்டை 47%-இல் நிறுத்தி ஐந்தாறு நிமிடம் காத்திருங்கள். ஆட்டம் தொடர்ந்தால் அது வெளியிலிருந்து வருகிறது, இந்த வால்வை விட்டுவிடலாம். நின்றுவிட்டாலும் உடனே வால்வின்மேல் பழி போடாதீர்கள். ட்யூனிங் ஆட்டமும் மேனுவலில் நிற்கும்.

அடுத்ததுதான் முக்கியம். இணைப்பு லூஸ் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்படி முதலில் 3% மேலே ஏற்றுங்கள். பிறகு அதே திசையில் 0.2%, 0.2% ஆக, ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி விட்டுத் தள்ளுங்கள். ஐந்து தள்ளலுக்கு ஃப்ளோ அசையாமல், ஆறாவதில் ஒரேயடியாக 2.4 கூடினால், அது ஒட்டிக் குதிக்கும் வால்வு, அவுட்புட் கணக்கில் குதிப்பு 1.2%. இப்போது கீழே திரும்புங்கள். அசைய ஒன்பது தள்ளல், அதாவது 1.8% ஆனால், அதிகப்படியான 0.6% வெறும் இணைப்பு லூஸ். ஒரே திசையில் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஃப்ளோ நகர்ந்து, திரும்பும்போது மட்டும் சும்மா இருந்தால் ஒட்டல் இல்லை, லூஸ் மட்டும்தான். ஒட்டலுக்குக் கிளாண்ட் பேக்கிங்கைப் பார்க்கவேண்டும், லூஸுக்கு லிங்கேஜை. கசிவை நிறுத்தக் கிளாண்ட் நட்டை யாரோ இறுக்கியிருப்பதுதான் ஒட்டலுக்கு அடிக்கடி காணும் காரணம்.

ட்ரிப் மதிப்புக்குப் பக்கத்தில் ஓடும் லூப்பில் இதைச் செய்யக்கூடாது. மெதுவான டெம்பரேச்சர் லூப்பில் 30 விநாடியில் ஒன்றும் தெரியாது. அங்கே பொசிஷனர் ஃபீட்பேக்கையோ, ஸ்டெம்மில் வைத்த டயல் கேஜையோதான் பார்க்கவேண்டும்.

ட்யூனிங்கைத் தளர்த்தித்தான் பார்ப்பேன் என்பவர்களுக்கு ஒன்று: இந்த லூப்பில் இன்டக்ரல் டைமை 60 விநாடியாக்கினால் சுற்று 210 விநாடியாக நீளும், தாவல் அதே 2.4-தான். வால்வு 0.2%-க்கெல்லாம் ஒழுங்காக நகர்ந்தும் ஆட்டோவில் லூப் ஆடினால், அப்போது ஆபரேட்டர் சொன்னதுபோல ட்யூனிங்கைத் திறக்கலாம்.